கடன் கடதாசி

வங்கியிலிருந்து அழைப்பு வந்தபோது நான் கல்முனைக் கடையின் பின்புறத்தில் பருப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடை முதலாளி ஹாஜியார் தொலைபேசியைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசக்கூடிய செய்தியாக இருந்தால் அவர் எழமாட்டார். கொழும்பு இறக்குமதிக்காரருக்குக் கொடுத்த செக் அன்று வந்திருக்கிறது, கணக்கில் ஐந்து இலட்சம் குறைகிறது, இரண்டு மணிக்குள் கட்டாவிட்டால் திருப்பி அனுப்புவோம் என்றார்கள்.

இரண்டு மணிக்குள் மூன்றரை இலட்சம்தான் தேறியது. செக் திரும்பியது.

மறுநாள் கொழும்புக்காரர் சத்தமில்லாமல்தான் கதைத்தாராம். நாடு கடனில் முறிந்த வருசத்துக்கு முன்னால் அவர் அறுபது நாள் தவணை தந்தவர். பிறகு இருபத்தொரு நாளாக்கி, அதற்கும் திகதியிட்ட செக்கைக் கையில் வாங்கிக்கொண்டுதான் லொறியை அனுப்புகிறார். இன்னும் ஒரு செக் திரும்பினால் இனிக் காசுக்குத்தான் சரக்கு என்றார். அப்படி நடந்தால் கடை மூடிப்போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு லொறிச் சீனிக்கும் மாவுக்கும் கையில் காசு வைத்து வாங்கக்கூடிய மொத்த வியாபாரி அல்ல ஹாஜியார். கொழும்புக்காரரிடம் கடனுக்கு எடுத்து, ஊர்க் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்து, இடையில் கிடைக்கும் சிறு துண்டில் பதினோரு பேருக்குச் சம்பளம் போடுகிறவர்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க கத்தாரில ஒரு கொம்பனியில நிண்டீங்கதானே. அவங்க எப்பிடிக் கடன் குடுத்த? அதப் போல ஒண்டு எழுதித் தாங்க. ஆருக்குக் கடன், எவ்வளவு, எத்தின நாள். எழுதினாப் பிறகு நானும் அதுக்குக் கட்டுப்படுவன்."

நான் அந்தக் கொம்பனியில் ஓட்டுநராக இருந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஒலுவில் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றினேன், புறக்கோட்டையில் மூட்டை தூக்கினேன், கத்தாரில் கட்டடச் சாமான் விற்கும் ஒரு கொம்பனிக்கு வாகனம் ஓட்டினேன். மூன்று வருசத்துக்கு மேல் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. ஓட்டம் இல்லாத நேரங்களில் அந்தக் கொம்பனியின் கடன் பிரிவில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது மேசையில் கிடந்த படிவங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுதான் எனக்குத் தெரியும். ஹாஜியாரிடம் வசூல்காரனாகச் சேர்ந்தபோது அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்திருந்தது.

கணக்கெழுதுகிற அக்காவிடம் நடப்புக் கொப்பியை வாங்கினேன். பாண்டிருப்பிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர் அவர். பதினான்கு வருசமாக இந்தக் கடையின் கணக்கு முழுவதும் அவருடைய கையெழுத்துத்தான். மூன்று நாள் அந்தக் கொப்பியோடு இருந்தேன். ஒவ்வொரு கடையும் மாதம் எவ்வளவு எடுக்கிறது, எந்தப் பில் கட்டியாயிற்று, கட்டாதது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பிரித்தேன். முப்பது நாளுக்குள், அறுபதுக்குள், தொண்ணூறுக்குள், அதற்கு மேல் என்று நான்கு கட்டம். கத்தாரில் பார்த்ததும் இதே நான்கு கட்டம்தான்.

கடைசியில் ஒரு தாளில் எழுதினேன். ஒழுங்காகக் கட்டும் கடைகள் முதல் தரம்: முப்பது நாள் தவணை, ஒரு மாதம் எடுக்கும் சரக்கின் பெறுமதி வரை கடன். இரண்டாம் தரத்துக்குப் பதினான்கு நாள், அதில் பாதித் தொகை. மூன்றாம் தரம் காசுக்கு மட்டும். புதுக் கடை என்றால் முதல் மூன்று முறை காசு, பிறகு அடையாள அட்டைப் பிரதி, ஊரில் ஒரு பிணையாள். வேறொருவருடைய செக் வாங்குவதில்லை. அறுபது நாளைத் தாண்டிய பாக்கி ஒன்று இருந்தாலும் சரக்கு நிற்கும்.

பிந்தினால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்று ஒரு வரியும் வைத்திருந்தேன். ஹாஜியார் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது வட்டி. இத எடுங்க."

"அப்ப பிந்திக் கட்டுறவனுக்கு என்ன பயம் ஹாஜியார்?"

அவர் யோசித்துச் சொன்னது இது. பில் எழுதுமுன்பே காசு விலை இன்னது, கடன் விலை இன்னது என்று சொல்லி, வாங்குகிறவர் ஒன்றைத் தெரிவு செய்யலாம், அதில் பிழையில்லை. எழுதிய பிறகு, பிந்திவிட்டான் என்று ஒரு சதம் கூட்டக் கூடாது. ஆகவே எங்கள் கையில் எஞ்சியது ஒரே ஒரு பிடிதான்: சரக்கை நிறுத்துவது. அந்தப் பிடியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.

தாள் காசுமேசைக்கு மேலே ஒட்டப்பட்டது. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை வாசித்தார். ஏதோ சொல்ல வந்து, நிறுத்திவிட்டு, "தம்பி கொப்பியப் பாத்துத்தானே எழுதின?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. எந்தக் கொப்பி என்று நானும் கேட்கவில்லை.

என் கட்டங்களின்படி மிக மோசமான கடை வரிப்பத்தான்சேனையில் இருந்தது. ஐப்பசிக்குப் பிறகு ஒரு சதமும் வரவில்லை. ஆறு இலட்சத்து நாற்பதாயிரம், அதில் பாதிக்கு மேல் தொண்ணூறு நாள் கட்டத்தில் கிடந்தது. மிக நல்ல கடைகளில் முதலாவது கல்முனையிலேயே இருந்தது. அது ஹாஜியாருடைய மனைவியின் தம்பியின் கடை. பில்லுக்குப் பில் கட்டுகிறவர். புதுச் சரக்கு இறங்கும்போது போன பில்லின் காசு கையில் வந்துவிடும். ஒரு நாள் பிந்தியதில்லை. மாதம் பத்து இலட்சத்துக்கு எடுக்கிறார். முதல் தரம், பத்து இலட்சம், முப்பது நாள் என்று எழுதினேன். அந்த வரியை ஹாஜியார் பார்த்தார், அடுத்த வரிக்குப் போனார். முதலாளியின் மச்சானுக்கு என் கையால் நல்ல பெயர் கொடுத்ததில் எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரிப்பத்தான்சேனைக்குச் சரக்கு ஏறியது. அந்தக் கடைக்கும் ஏற்றியிருந்தார்கள்: மா, சீனி, பருப்பு, டின் மீன், சவர்க்காரம். தாளின்படி நிறுத்த வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அப்படியென்றால் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று ஹாஜியார் சொன்னார். லொறியில் முன்னால் ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் வயல் பச்சையாக நின்றது. கதிர் வரும் பருவம். சாகாமத்துப் பக்கமிருந்து வயலுக்குப் போடும் பசளை மூட்டை ஏற்றிய ட்ரக்டர்கள் எதிரே வந்தன. அதை நான் பார்த்தேன், ஆனால் அதில் கணக்கு இருக்கிறது என்று தோன்றவில்லை. கடலோரத்தில் பிறந்து, மீனுக்கு அன்றன்றே காசு கைமாறும் இடத்தில் வளர்ந்தவன் நான்.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்; காக்கா என்று அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிடுவேன். லொறி நின்றதும் மூட்டை அடுக்க இடம் ஒதுக்கத் தொடங்கினார். நான் இறங்கிப்போய் விசயத்தைச் சொன்னேன். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். கடை வாசல் வாங்கில் உட்கார்ந்து இரண்டு விவசாயிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, எங்கிட்ட சாமான் எடுக்கிற ஆக்கள் எல்லாரும் வெள்ளாமைக்காரர். வெட்டு முடிஞ்சி நெல்லு வித்தாத்தான் அவங்க எனக்குத் தருவாங்க. அதுக்குப் பிறகு நான் ஒங்களுக்குத் தருவன். வெட்டு முடிஞ்சி பத்து நாளைக்குள்ள குடுக்காம உட்ட போகம் ஒண்டு இரிக்கா? கொப்பியப் பாத்தீங்களா?"

"பாத்தன் காக்கா. அறுபது நாளத் தாண்டினா நிப்பாட்டச் சொல்லித்தான் எழுதியிரிக்கி. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

வாங்கிலிருந்த ஒருவர், நெல்லுக்கும் அறுபது நாளில் முற்றச் சொல்லி ஒரு கடதாசி எழுதித் தரச் சொன்னார். மற்றவர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"இந்த ரெண்டு மாசம்தான் தம்பி சனத்துக்கிட்டக் காசே இல்லாத மாசம். இப்பத்தான் கடன் வேணும். வெட்டுக்குப் பிறகு ஒங்கட கடன் எனக்கு என்னத்துக்கு?"

சொல்ல என்னிடம் அந்தத் தாளைத் தவிர ஒன்றும் இல்லை. சரக்கை இறக்காமல் வண்டியைக் கிறுக்கி, வந்த வழியே திருப்பச் சொன்னேன் ஓட்டுநரிடம். கடைக்காரர் வாசல்வரை வந்து, ஹாஜியாருக்குச் சலாம் சொல்லுங்கள் என்றார். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அன்று பின்னேரமே சம்மாந்துறையிலிருந்து வேறொரு மொத்த வியாபாரியின் லொறி அவருக்குச் சரக்கு இறக்கியதாக ஓட்டுநர் பிறகு சொன்னான். கடனுக்குத்தானாம். விலை மட்டும் கொஞ்சம் கூட.

அதன் பிறகு ஐந்து கிழமை எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே தெரிந்தது. முதல் தரக் கடைகள் தவணைக்குள் இருந்தன. கொப்பியில் சிவப்பு மையே இல்லை. ஆனால் வங்கியில் காசு ஏறவில்லை. எல்லோரும் நல்லவர்கள் என்று கொப்பி சொல்கிறது, செக்குக்குக் காசில்லை என்று வங்கி சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்.

கொழும்புக்காரரின் அடுத்த செக் ஒரு திங்கட்கிழமைக்கு எழுதப்பட்டிருந்தது. இருபத்திரண்டு இலட்சம். அதற்கு முந்திய வியாழக்கிழமை கணக்கில் இருந்தது பன்னிரண்டு. நோன்புக்கு இன்னும் சில நாள்தான். கடைத்தெரு முழுக்க பேரீத்தம்பழப் பெட்டிகள். ஹாஜியார் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே இருந்தார். தராசில் தட்டு மோதுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

அவர் லுஹர் தொழப் பள்ளிக்குப் போனதும் நான் அக்காவின் மேசைக்குப் போனேன்.

"அக்கா, எல்லாரும் கட்டுறாங்க. அப்ப காசு எங்க?"

அவர் பேனையை மூடி வைத்தார்.

"அப்ப நீங்க பச்சைக் கொப்பிய இன்னும் பாக்கல்லயா?"

பூட்டிய மேசை லாச்சியிலிருந்து எடுத்தார். பச்சை அட்டை போட்ட ஒரு சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி. முதல் பக்கத்தில் பிஸ்மில்லாஹ். உள்ளே முழுக்க ஹாஜியாரின் கையெழுத்து.

அக்கா சொல்லித்தான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு நோன்பிலும் ஹாஜியார் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஸக்காத்துக்குக் கணக்குப் பார்க்கிறார். கடையிலுள்ள சரக்கு, கையிலுள்ள காசு, வர வேண்டிய கடன் எல்லாவற்றையும் கூட்டி நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஆனால் கட்டாயம் வரும் என்ற கடனைத்தான் சேர்க்க வேண்டும் என்றும், வருமா வராதா என்ற கடனை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் மௌலவி ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் வருசத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கடையாக நினைத்துப் பார்த்து, சந்தேகமான பாக்கியை நடப்புக் கொப்பியிலிருந்து கழித்து இந்தக் கொப்பியில் எழுதிவிடுவாராம். நடப்புக் கொப்பியில் அந்தக் கடையின் பக்கம் வெள்ளையாகத் தொடங்கும். அதிலிருந்து பில்லுக்குப் பில் கட்டுவார்கள். பழையது அப்படியே கிடக்கும். காசுமேசையில் நாலுபேர் நிற்கும்போது பழைய பாக்கியை வாசித்து ஒரு மனிசனை வெட்கப்படுத்தக் கூடாது என்பதும் ஹாஜியாருக்கு ஒரு காரணம்.

"முதலாளி ஒங்களிட்ட இதக் காட்டியிருப்பார் எண்டு நினைச்சன் தம்பி. ஏன் காட்டல்லயெண்டு இப்ப விளங்குது."

பக்கத்தைத் திருப்பினேன். எனக்கும் விளங்கியது. முதல் பெயர் மச்சானுடையது. ஒவ்வொரு நோன்புக்கும் முந்திய கட்டாத பில் ஒன்றாக, நான்கு நோன்பாக வரிசையாக ஏறி வந்திருந்தது. கூட்டினால் பதினான்கு இலட்சம். நான் முதல் தரம் கொடுத்த ஒன்பது கடைகளில் ஆறு அந்தக் கொப்பியில் இருந்தன. வரிப்பத்தான்சேனைக் கடையைத் தேடினேன். எந்த வருசத்திலும் இல்லை. ஒவ்வொரு நோன்பிலும் ஹாஜியார் அதைக் கட்டாயம் வரும் என்ற பக்கத்தில் வைத்து, வராத காசுக்கும் சேர்த்து ஸக்காத் கொடுத்திருக்கிறார்.

யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று நான் மூன்று நாள் கட்டம் போட்டுப் பார்த்தேன். படைத்தவனுக்குப் பயந்து, பொய் சொல்ல முடியாமல், வருசா வருசம் ஒரு மனிசன் அதை ஏற்கனவே எழுதி வைத்திருந்தான். அதற்கு நேர் எதிராக நான் ஒரு தாளை எழுதி ஒட்டியிருந்தேன்.

ஹாஜியார் பள்ளியிலிருந்து திரும்பியபோது கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதக் காட்டினா மச்சானுக்கு மூண்டாந்தரம்தானே எழுதுவீங்க. நான் இரிக்கிற வீடு பொண்டாட்டிட சீதன வீடு. மதிலுக்கு அங்கால அவன்ட வாசல். அதான் காட்டல்ல. கட்டுப்படுவன் எண்டு சொன்னதும் நான்தான்."

நான் என் பிழையைச் சொன்னேன். கொப்பியைக் கேட்காதது என் பிழை. போகத்தைக் கணக்கில் எடுக்காததும் என் பிழை. அவர் கையை அசைத்து அதை ஒதுக்கினார். திங்கட்கிழமைக்கு என்ன வழி என்றுதான் கேட்டார். பத்து இலட்சம் வேண்டும். வரிப்பத்தான்சேனையில் முந்தி விதைத்த முன்வயல்களை வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று லொறிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நான் போகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் போனேன். தெரு ஓரமெல்லாம் நெல் காய்ந்தது. தூரத்தில் வெட்டுமிசின் இரைந்தது. கடையில் சம்மாந்துறைக்காரரின் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் என்னை வாங்கில் உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். நான் மறைக்கவில்லை. தாள் பிழை, நான்தான் எழுதினேன், ஹாஜியாருக்குத் திங்கட்கிழமை செக் ஒன்று இருக்கிறது, அது திரும்பினால் கடை நிற்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடன் கேட்டு வந்தவனைப் போல அவர் முன்னால் இருந்தேன். உண்மையில் அவர்தான் கடன்காரர்.

அவர் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. தேநீர் ஆறியது. தரமாட்டார் என்று நினைத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். வரும்போது கையில் ஒரு பை இருந்தது.

"மூண்டு லெச்சத்து இருவதாயிரம். எண்ணிக்கொள்ளுங்க. சரி பாதி."

"மிச்சம் காக்கா?"

"நீங்க லொறியக் கிறுக்கின அண்டைக்கு எனக்குச் சாமான் இறக்கினவனுக்கு முதல்ல குடுக்கணும். அதான் ஞாயம். மத்தப் பாதி பின்வயல் வெட்டினதும் வரும். எப்பயும் வாற மாதிரி."

நோட்டுகளை எண்ணினேன். முழுதாக வரவேண்டிய காசு பாதியாக வந்ததற்குக் காரணம் என் தாள். சரக்கை நிறுத்தினால் கடன்காரன் பயந்து கட்டுவான் என்று நான் நினைத்தேன். சரக்கு தருகிறவனுக்குத்தான் முதலில் கட்டுவான் என்பதை நினைக்கவில்லை. வசூல் வேலையில் நாலு ஊர் அலைந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஆறு இலட்சத்து எண்பதாயிரம் தேவைப்பட்டது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே மனதில் கூட்டிக்கொண்டு வந்தேன். தாள் ஒட்டிய மூன்றாம் கிழமையிலிருந்து மச்சான் பில்லுக்குப் பில் கட்டுவதை நிறுத்தியிருந்தார். முப்பது நாள் இருக்கிறதே. பத்து இலட்சமும் முழுதாக எடுத்துவிட்டார், பெரும்பகுதி சீனி. நோன்பில் சீனி விலை ஏறும் என்று வாங்கி அடுக்கி வைத்திருந்தார். என் தாள் கொடுத்த கடனில், ஹாஜியாருடைய காசில். தவணை முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. எழுதியபடி பார்த்தால் அவர் இன்னும் முதல் தரக் கடைக்காரர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மச்சான் எங்கள் கடைக்கு வந்தார். ஹாஜியார்தான் ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வாகனச் சாவி. காசுமேசைக்கு மேலிருந்த தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"வசூல்காரர் எனக்கு முதலாந்தரம் போட்டவராமே. ஒங்களுக்கு ஒரு நாளைக்கு புரியாணி வாங்கித் தரணும்."

ஹாஜியார் பச்சைக் கொப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார். அப்போதும் அவர் அதை வாசிக்கவில்லை. திறந்து வைத்தார், அவ்வளவுதான்.

மச்சான் பார்த்தார். சிரிப்பு போனது.

"இது பழைய கணக்கு மச்சான். இத ஏன் இப்ப எடுக்கிற?"

"இதுவும் கணக்குத்தான். நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு ஆறு லெச்சத்து எம்பது வேணும்."

"எனக்கு இன்னும் ஆறு நாள் இரிக்கி. ஒங்கட கடதாசியிலயே இரிக்கி. பாருங்க."

அவர் சொன்னது சரி. ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுதினவன் நான். அந்தத் தாளில் அறுபது நாளுக்கு மேல் ஒரு பாக்கி இருந்தாலும் சரக்கு நிற்கும் என்று ஒரு வரியும் இருந்தது. அது எந்தக் கொப்பிக்கு என்று நான் எழுதவில்லை. எழுந்து போய், தாளில் அந்த வரியைக் காட்டினேன். பச்சைக் கொப்பியில் கிடப்பது நான்கு வருசம், ஆகவே அவருக்கு இந்தத் தவணையே கிடைத்திருக்கக் கூடாது, பிழையாகக் கொடுத்தவன் நான் என்றேன். இனி ஒரு கிலோவும் ஏறாது என்றும் சொன்னேன். வரிப்பத்தான்சேனையில் சொன்ன அதே சட்டம்தான். அங்கே சொன்னபோது எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. இங்கே இருந்தது.

"நேத்து வந்த ஒருத்தன் என்னக் கேள்வி கேக்கிற," என்றார் மச்சான். என்னைப் பார்க்காமல் ஹாஜியாரைப் பார்த்துத்தான் சொன்னார். "நாளைக்கு வேற ஊருக்கு ஓடிருவான் இவன். நாம மதிலுக்கு மதில் இரிக்கிற ஆக்கள். நான் ராத்தாவோட கதைச்சிக்கிறன்." தன் மூத்த சகோதரியை, ஹாஜியாரின் மனைவியைத்தான் அவர் சொன்னார்.

"ராத்தாக்கிட்ட நேத்தே சொல்லிட்டன்."

"என்ன சொன்னாவாம்?"

ஹாஜியார் கொப்பியின் ஓரத்தை விரலால் நேராக்கினார்.

"நான் நாளைக்கு மவுத்தாகி மண்ணுக்குப் போனா, இந்தக் கொப்பியத் தூக்கிக்கொண்டு அவவா மதிலுக்கு அங்கால போகணும் எண்டு கேட்டா."

மச்சான் சாவியை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வெளியே ஒரு முச்சக்கரவண்டி நின்று, போனது. அக்கா பில் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதுபோல் தலையைக் குனிந்திருந்தார். பேனை அசையவில்லை.

"காசு இல்ல மச்சான். அல்லாட சத்தியமாக் காசா இல்ல. எல்லாம் சீனியாக் கிடக்கு."

"அப்ப சீனியத் தாங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. விலை ஏறினால் மூட்டைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அரை மணிக்குள் மச்சானின் களஞ்சியத்துக்கு லொறியைக் கொண்டுபோனேன். அறுபது மூட்டை. பில்லில் இருந்த விலைக்கே திருப்பி எடுத்து, கொப்பியில் அவர் பக்கத்தில் கழித்தோம். ஏற்றும்போது மச்சான் களஞ்சிய வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். ஐம்பத்தொன்பதாவது மூட்டைக்கு, "முதலாந்தரம்," என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். அதற்கு நான் உரித்தானவன்தான்.

பகல் முழுக்கக் கடைத்தெருவில் கடை கடையாகக் கொடுத்தேன். கையில் காசு தருகிறவர்களுக்கு மட்டும், மூட்டைக்கு ஐந்நூறு ரூபாய் குறைத்து. ஒரு ரொட்டிக் கடைக்காரர் எட்டு மூட்டை எடுத்துக்கொண்டு நாளைக்குக் காசு என்றார். மூட்டைகளைத் திரும்ப ஏற்றினேன். பின்னேரம் பதினொரு மூட்டை மிஞ்சியது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மருதமுனைக்குக் கொண்டுபோய் அதையும் முடித்தேன். ஆறு இலட்சத்து அறுபதாயிரம் சேர்ந்தது. மிச்ச இருபதாயிரம் அன்று காலைக் கல்லாவில் இருந்து எடுத்தோம். வங்கி வரிசையில் நிற்கும்போது பன்னிரண்டேகால். என் முன்னால் ஒரு பெண் ஓய்வூதியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எதையோ விசாரித்தாள், கவுண்டர்காரர் எழுந்து உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு முத்திரை குத்தித் துண்டைத் தந்தார்கள்.

இரண்டு மணிவரை ஹாஜியாருக்கு யாரும் அழைக்கவில்லை. இரண்டரைக்கு அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார்.

அந்த நோன்பில் அவர் ஸக்காத்துக்குக் கணக்குப் பார்த்தபோது என்னையும் அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதினோம். பச்சைக் கொப்பியில் பெயர் உள்ளவருக்குப் புதுக் கடன் இல்லை. காசுக்கு எடுக்கலாம், எடுக்கும் ஒவ்வொரு முறையும் பழையதில் ஒரு சிறு தொகை கழிக்க வேண்டும், எவ்வளவென்று ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசி முடிவெடுப்பது. எந்த ஒரு கடைக்கும் மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை, சொந்தக்காரருக்கும்தான். சீனியில் மட்டும் முழுக்கடனும் எடுக்க முடியாது. கொழும்புக்காரர் எங்களுக்குத் தரும் நாளை விட, கடலோரத்துக் கடைகளுக்கு நாங்கள் தரும் நாள் கூடக் கூடாது. உள்பக்கத்து வயல் ஊர்களுக்கு மட்டும் போகத் தவணை: வெட்டு முடிந்து பதினைந்து நாள், ஆனால் போன மூன்று போகமும் தீர்த்தவருக்கு மட்டும், அதுவும் போன போகத்தில் தீர்த்த தொகை வரை. இப்படி ஒரு காசு நாலு மாதம் வயலில் கிடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கொழும்புக்கு செக் எழுதுவது.

மச்சான் கிழமைக்குக் கிழமை காசுக்கு எடுக்கிறார், பச்சைக் கொப்பியில் ஐயாயிரம் கழிக்கிறார். என்னோடு கதைப்பதில்லை. மதிலில் இருந்த சிறு வாசலைப் பூட்டிவிட்டார்களாம். பெருநாளைக்கு ராத்தா தெருவால் சுற்றிப் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்ததாக அக்காவிடம் சொன்னாராம்.

வரிப்பத்தான்சேனைக்காரரின் மற்றப் பாதி, வெட்டு முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. புதுத் தாளில் போகத் தவணையின் கீழ் முதல் பெயராக அவருடையதை என் கையால் எழுதி, ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் என்று போட்டு, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசித்து முடித்து, மடித்து, என்னிடமே தந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. எனக்குக் காசுக்குத் தாங்க. ரெண்டு மூட்ட மா, ஒரு மூட்ட சீனி."

நோட்டுகளை மேசையில் வைத்தார். காசு விலையில் பில் எழுதினேன். இப்போதும் மாதத்தில் இரண்டு முறை அவருக்கு லொறி போகிறது, எப்போதும் காசுக்குத்தான். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையிலான மாதங்களில் மட்டும் அவர் எங்களிடம் எடுப்பதில்லை. அப்போது கடனுக்குச் சம்மாந்துறை லொறி போகும். தாளில் அவருக்கென்று எழுதிய ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் அப்படியே இருக்கிறது, ஒரு சதமும் தொடப்படாமல்.